பம்ப்செட் கடைக்கு ஒரு பாட்காஸ்ட்: கல்லாவில் கேட்ட கேள்வியிலிருந்து தொடங்குங்கள்

கேள்வி: “பொள்ளாச்சி பக்கம் பம்ப்செட் விற்பனையும் ரிப்பேரும் செய்யும் கடை வைத்திருக்கிறேன். சின்னதாக ஒரு பாட்காஸ்ட் ஆரம்பிக்கலாம் என்று பையன் சொல்கிறான். எத்தனை நிமிடம் இருக்க வேண்டும், யாரைக் கூப்பிட்டுப் பேசுவது, அதையே வெட்டி ஸ்டேட்டஸ், ரீல்ஸ் என்று போட முடியுமா? செலவு அதிகம் செய்ய முடியாது.”

வானொலியில் நிகழ்ச்சித் தயாரிப்பு வேலை பார்த்தவன் நான். இப்போது சிறு வியாபாரிகளுக்கு ஒலித்தொடர் தயாரிப்பில் உதவுகிறேன். அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்: முடிவே இல்லாமல் வாராவாரம் ஓடும் நிகழ்ச்சியாகத் தொடங்காதீர்கள். எட்டு எபிசோட், அதோடு முடிந்தது என்று முதலிலேயே அறிவித்துவிட்டுத் தொடங்குங்கள். கடை வைத்திருப்பவருக்கு வைகாசியில் ஒரு நெருக்கடி வரும், ஐப்பசியில் இன்னொன்று வரும். வாரம் தவறாமல் போடுவேன் என்று சொல்லிவிட்டுப் பாதியில் நின்றால், கடைசியாகப் போட்ட தேதி கடையின் பெயருக்குக் கீழேயே நின்றுகொண்டிருக்கும். எட்டோடு முடிந்தால் அது முழுமையான தொடர். அடுத்த கோடைக்கு இன்னொரு எட்டு போடுவதும் போடாமல் விடுவதும் உங்கள் விருப்பம்.

எட்டுக்கும் தலைப்பை நீங்கள் யோசித்துக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு நோட்டு வையுங்கள். வருகிறவர்கள் கேட்பதை அவர்கள் வாயில் வந்தபடியே இரண்டு வாரம் எழுதுங்கள். “மும்முனை மோட்டார்களில் வைண்டிங் பழுதடைவதற்கான காரணங்கள்” என்று எந்த விவசாயியும் கேட்பதில்லை. “வருசத்துக்கு ரெண்டு தடவ காயில் கட்றனுங்க, ஏனுங்க இப்படி எரியுது?” என்றுதான் கேட்பார். அந்த வாக்கியம்தான் எபிசோடின் முதல் வாக்கியம், அதைச் சற்றுச் சுருக்கியதுதான் தலைப்பு. யூடியூபில் தேடுகிறவரும் ஏறக்குறைய இதே சொற்களைத்தான் தட்டுவார், அல்லது மைக்கைத் தொட்டுப் பேசுவார். 1960களில் திருச்சி வானொலியின் விவசாய நிகழ்ச்சி வழியாகப் பரவியதால், ஆடுதுறை 27 என்ற நெல்லைத் தஞ்சாவூர்ப் பக்கத்து விவசாயிகள் ‘ரேடியோ நெல்’ என்றே அழைத்தார்கள். வேலை செய்துகொண்டே காதால் கேட்டு ஒரு தொழில் விஷயத்தை எடுத்துக்கொள்வது நம் ஊருக்குப் புதிதல்ல. கேட்பவருடைய பாஷையில் கேள்வி இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

நீளம் எட்டிலிருந்து பத்து நிமிடம் போதும். ஒரு கேள்விக்கு ஒழுங்காகப் பதில் சொல்ல அதற்கு மேல் தேவைப்படாது. இன்னொரு காரணமும் உண்டு. பேச்சை மட்டும் மோனோவாக, 64 கேபிபிஎஸ் எம்பி3 ஆகச் சேமித்தால் பத்து நிமிடம் 5 எம்பிக்குள் அடங்கும். தோட்டத்தில் சிக்னல் குறைவான இடத்திலும் வாட்ஸ்அப்பில் இறங்கிவிடும். உங்கள் வாடிக்கையாளர்களில் பாதிப் பேராவது பாட்காஸ்ட் செயலி எதையும் திறக்காதவர்களாக இருப்பார்கள் என்பது என் கணிப்பு. அவர்களுக்கு இந்தத் தொடர் வாட்ஸ்அப்பில் வரும் ஓர் ஆடியோ, அவ்வளவே.

தொடக்கத்தில் இசை, “வணக்கம் நேயர்களே”, கடையின் வரலாறு எதுவும் வேண்டாம். முதல் இருபது நொடிக்குள் கேள்வியும் பதிலின் ஒரு முனையும் வந்துவிட வேண்டும். பிறகு உங்கள் பெயரும் கடைப் பெயரும் ஒரே வரியில். அதன் பின் விருந்தினர் பேச்சு. கடைசி ஒரு நிமிடம் “இன்றைக்கே நீங்கள் பார்க்க வேண்டியது இது” என்று ஒரே ஒரு வேலை. உங்கள் பங்கை எழுதி வைத்துப் படிக்காதீர்கள், படிப்பது காதில் உடனே தெரிந்துவிடும். முதல் வாக்கியத்தையும் கடைசி வாக்கியத்தையும் மட்டும் முழுதாக எழுதிக்கொள்ளுங்கள். நடுவில் வருவதற்குக் குறிப்பு போதும். சினிமாப் பாட்டை ஐந்து நொடிகூடச் சேர்க்க வேண்டாம். யூடியூபின் தானியங்கிச் சோதனை அதைப் பிடித்துவிடும், உரிமையும் உங்களுடையதல்ல.

விலை, மானியம், மின் கட்டணம் ஆகியவற்றையும் பேச்சுக்குள் கொண்டுவராதீர்கள். அவை மாறும். செயலியில் இருக்கும் எபிசோடை மாற்றிப் போட்டுவிடலாம். வாட்ஸ்அப்பில் கைமாறிப் போன ஆடியோவை யாராலும் திரும்ப அழைக்க முடியாது. மூன்று வருடம் கழித்து ஒருவர் அதைக் கேட்டுவிட்டுப் பழைய மானியத் தொகையைச் சொல்லி உங்கள் கடையில் வந்து நிற்பார். இப்படி மாறக்கூடியதை எழுத்துக் குறிப்பில் போடுங்கள், திருத்திக்கொள்ளலாம்.

யாரைக் கூப்பிடுவது என்பதில் பலர் ஊரில் பெயர் பெற்றவரைத் தேடுகிறார்கள். உங்கள் தொழிலுக்கு அது தேவையே இல்லை. நீங்கள் வழக்கமாக மோட்டார் அனுப்பும் வைண்டிங் மெக்கானிக், போர் வண்டிக்காரர், பேனல் கட்டும் எலக்ட்ரீஷியன், சொட்டுநீர் போட்டுப் பத்து வருடம் பார்த்துவிட்ட ஒரு தென்னந்தோப்புக்காரர் ஆகியோர் போதும். கையால் செய்கிறவரின் பேச்சில்தான் கேட்பவர் அடையாளம் காணும் விவரம் இருக்கும். பம்ப் கம்பெனிப் பிரதிநிதியைக் கூப்பிடவே கூடாது என்று சொல்லவில்லை. ஆனால் அந்தக் கம்பெனியின் மோட்டாரை நீங்கள் விற்கிறீர்கள் என்றால், அதை எபிசோடின் தொடக்கத்திலேயே வாயால் சொல்லிவிடுங்கள். தவறாக வழிநடத்தும் விளம்பரங்கள் பற்றி 2022இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் கொண்டுவந்த வழிகாட்டுதல்கள், பரிந்துரைப்பவருக்கும் பொருளுக்கும் உள்ள தொடர்பை வெளிப்படுத்தச் சொல்கின்றன. அது இல்லாவிட்டாலும், மறைத்தது பின்னால் தெரியவந்தால் மற்ற ஏழு எபிசோடும் விளம்பரமாகத்தான் தோன்றும்.

பதிவுக்கு முன் விருந்தினரிடம் போனில் பத்து நிமிடம் பேசுங்கள். எதைப் பற்றி என்று மட்டும் சொல்லுங்கள், கதையை முழுதாகக் கேட்டுவிடாதீர்கள். ஒரு மனிதர் ஒரு சம்பவத்தை முதல் தடவை சொல்லும்போது வரும் விவரமும் வேகமும் இரண்டாம் தடவை வருவதில்லை. பதிவில் “நான் அன்னிக்குச் சொன்ன மாதிரி” என்று அவர் தொடங்கினால், நல்ல பேச்சு போனிலேயே செலவாகிவிட்டது என்று புரிந்துகொள்ளலாம். கேள்வி கேட்கும் விதமும் முக்கியம். “மோட்டார் எரியக் காரணங்கள் என்னென்ன?” என்று கேட்டால் மேடைப்பேச்சு வரும். “கடைசியாகப் பிரித்த எரிந்த மோட்டாரைத் திறந்ததும் என்ன பார்த்தீர்கள்?” என்று கேட்டால் மனிதர் பேசத் தொடங்குவார்.

உட்காரும்போதே இரண்டு விஷயம் சொல்லிவிடுங்கள். ஒன்று, பதிலுக்குள் கேள்வியும் வர வேண்டும். “ஆமா, அதனாலதான்” என்று தொடங்கும் பதிலைத் தனியே வெட்டி எடுக்க முடியாது. “மோட்டார் எரியறதுக்கு முதல் காரணம்” என்று தொடங்கினால் முடியும். இன்னொன்று உங்களுக்கானது. அவர் பேசும்போது “ம்ம்”, “ஆமாமா”, “சரியாச் சொன்னீங்க” என்று குரல் கொடுக்கக் கூடாது. நம் ஊர் மரியாதைப்படி அப்படிச் சொல்லாமல் இருப்பது கஷ்டம்தான். ஆனால் அவர் குரல்மேல் உங்கள் குரல் விழுந்துவிட்டால் அந்த இடத்தில் கத்தரி வைக்க இடமே இருக்காது. தலையை மட்டும் ஆட்டுங்கள். அவர் முடித்ததும் மனதுக்குள் ஒன்று, இரண்டு எண்ணிவிட்டு அடுத்த கேள்வி கேளுங்கள். அந்த இரண்டு நொடியில் பெரும்பாலும் அவரே இன்னொரு வாக்கியம் சேர்ப்பார், பல நேரம் அதுதான் எபிசோடின் நல்ல வாக்கியமாக இருக்கும். பெயர், ஊர் சொல்லி, “இதை வெளியிடவும் வெட்டிப் பகிரவும் சம்மதம்” என்று அவர் குரலிலேயே பதிவின் தொடக்கத்தில் வாங்கிவிடுங்கள். வேறு கடைக்காரர் பெயரையோ, யாருடைய தோட்டம் என்பதையோ பேச்சுவாக்கில் சொல்லியிருந்தால் அதை எடுத்துவிடுங்கள்.

கருவிக்குப் பெரிய செலவில்லை. இரண்டு பேருக்கும் தனித்தனிச் சட்டை மைக், உங்கள் இரண்டு போன்கள், பிளைட் மோட். காசைவிட இடத்தில்தான் கவனம் வேண்டும். டைல்ஸ் போட்ட வெற்று அறையில் கைதட்டிப் பாருங்கள், ‘டங்’ என்று திரும்பி வந்தால் அந்த அறை ஆகாது. பின்னால் ஓடும் மின்விசிறி இரைச்சலை மென்பொருளால் ஓரளவு குறைக்கலாம். கிணற்றுக்குள் பேசியது போன்ற எதிரொலியைச் சுத்தமாக எடுக்க முடியாது. மெத்தை, துணி, அட்டைப்பெட்டி நிறைந்த அறை நல்லது. அதுவும் கிடைக்காவிட்டால் கண்ணாடி ஏற்றி நிறுத்திய கார் போதும். பட்டறைச் சத்தம் வேண்டும் என்றால் அதைத் தனியாக அரை நிமிடம் பதிவு செய்து, கேள்விக்கும் பதிலுக்கும் நடுவில் வையுங்கள். பேச்சைப் பட்டறைக்குள் எடுக்க வேண்டாம். தொடங்கும் முன் அரை நிமிடம் பேசி, ஹெட்போனில் கேட்டு, பிறகு உட்காருங்கள். வெட்டி ஒட்ட, இலவசமாகக் கிடைக்கும் ஆடாசிட்டி போதும். எல்லாம் முடிந்ததும் அதில் Loudness Normalization என்பதைத் திறந்து, இரண்டு பேர் பேசும் வழக்கமான பதிவுக்கு ஒலியின் அளவை -16 LUFS என்று கொடுங்கள். ஆப்பிள் பாட்காஸ்ட் பரிந்துரைக்கும் அளவு அதுதான். இதைச் செய்யாவிட்டால் ஒரு எபிசோட் காதைத் துளைக்கும், அடுத்தது கேட்கவே கேட்காது.

இனி வெட்டிப் பயன்படுத்துவது. உங்கள் கடைக்கு இந்தத் தொடரால் வரும் பயனில் பெரும்பகுதி இதில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். பதிவு முடிந்த பிறகு எங்கே வெட்டலாம் என்று தேடுகிறவர்களுக்கு ஒன்றும் கிடைப்பதில்லை. பதிவுக்கு முன்பே ஒரு தாளில் எழுதுங்கள்: இந்தக் கேள்வியோடு நாளை ஒருவர் போன் செய்தால், அவருக்கு எந்த ஒரு நிமிடத்தை அனுப்புவேன்? அந்த ஒரு நிமிடம் கிடைக்கும் வரை கேள்வியைத் திருப்பித் திருப்பிக் கேளுங்கள்.

மோட்டார் எரியும் எபிசோடையே எடுத்துக்கொள்வோம். மூன்று பேஸில் ஒன்று போன பிறகும் மோட்டார் ஓடினால் மற்ற இரண்டில் கரண்ட் ஏறி வைண்டிங் கருகும். இதை எல்லாரும் கேள்விப்பட்டிருப்பார்கள், கேட்டு மறந்தும் இருப்பார்கள். ஆனால் வைண்டிங் மெக்கானிக் எரிந்த காயிலைப் பார்த்தே காரணத்தைச் சொல்லிவிடுவார். ஸ்டார் இணைப்பாக இருந்தால் மூன்று பேஸ் காயிலில் இரண்டு கருகி, ஒன்று புதிது போலவே இருக்கும். டெல்டாவாக இருந்தால் ஒன்று மட்டும் கருகும். சுற்றிலும் ஒரே மாதிரி கருகியிருந்தால் ஒரு பேஸ் போனது காரணமல்ல; ஓவர்லோடோ தாழ்ந்த மின்னழுத்தமோ வேறு ஏதோ. எரிந்த மோட்டாரைப் பிரித்ததும் கூடவே நின்று பார்க்க வேண்டும் என்பது விவசாயிக்கு உடனே பயன்படும் தகவல். அடுத்த தடவை காயில் கட்டக் கொடுக்கும்போது அவர் அதைக் கேட்பார். நீங்கள் வெட்ட வேண்டிய ஒரு நிமிடம் இதுதான்.

பதிவில் அது இப்படி வந்திருக்கும்: “அதாவது பாத்தீங்கன்னா, நான் சொன்னனுங்களே, அந்த மாதிரி வர்றதுல, பிரிச்சுப் பாத்தா ரெண்டு கருகியிருக்கும், ஒண்ணு மட்டும் புதுசாட்ட இருக்கும்.” எபிசோடுக்குள் இது புரியும். தனியே வெட்டினால் ‘அந்த மாதிரி’ என்றால் எந்த மாதிரி, ‘ரெண்டு’ என்றால் எந்த இரண்டு என்று தெரியாது. ஆகவே “பிரிச்சுப் பாத்தா” என்ற இடத்தில் வெட்டித் தொடங்குங்கள். அதற்கு முன்னால் உங்கள் குரலில் ஒரு வாக்கியம் புதிதாகப் பதிவு செய்து ஒட்டுங்கள்: “மோட்டார் எரிஞ்சா, காயிலைப் பிரிக்கும்போது பக்கத்துல நில்லுங்க. மூணு பேஸ் காயில்ல எத்தனை கருகியிருக்குனு பாருங்க.” பிறகு அவர் பேச்சு. கடைசியில் உங்கள் குரலில் முடிவு: “அப்படி இருந்தா ஒரு பேஸ் போய் எரிஞ்சிருக்கு. காயில் கட்டினா மட்டும் போதாது, ஸ்டார்ட்டர்ல பிரிவென்டர் வேலை செய்யுதானு பாக்கச் சொல்லுங்க.” மொத்தம் நாற்பது, ஐம்பது நொடி. எபிசோடைக் கேட்காத ஒருவரிடம், வீட்டில் இருப்பவரிடமே கொடுத்து, என்ன புரிந்தது என்று கேளுங்கள். அவர் திரும்பச் சொல்லிவிட்டால் அந்தத் துண்டு தனியாக நிற்கும்.

ஒரே ஓர் எச்சரிக்கை. ஸ்டார்ட்டரைத் திறந்து வயரை மாற்றுவது, ரிலேயை பைபாஸ் செய்வது போன்றவற்றை எந்தத் துண்டிலும் செய்முறையாகச் சொல்லாதீர்கள். விருந்தினர் சொல்லிவிட்டால் வெட்டி எறியுங்கள். எபிசோடுக்குள் “மெயினை அணைத்துவிட்டு” என்று ஐந்து நிமிடம் முன்னால் சொல்லியிருப்பீர்கள், அந்தத் துண்டில் அது இருக்காது. ஈரக் காலோடு தோட்டத்தில் நிற்பவர் கையில் அந்த ஆடியோ போய்ச் சேரும்.

ஓர் எபிசோடிலிருந்து இரண்டு துண்டு, அதிகம் போனால் மூன்று. அதற்கு மேல் இழுத்தால் தண்ணீர்தான் வரும். ரீல்ஸ், ஷார்ட்ஸ் இரண்டுக்கும் செங்குத்துப் படம் வேண்டும். பேசும் முகம் இல்லாவிட்டால் எரிந்த காயிலின் ஒரு நல்ல புகைப்படம் போதும், மேலே பெரிய எழுத்தில் பேச்சு ஓடட்டும். வசனத்தைக் கையால் தட்டுங்கள். கொங்குப் பேச்சைத் தானாக எழுத வைத்தால் ‘காயில்’ என்பது ‘காய்’ ஆகிவிடும். பலர் சத்தத்தை அணைத்துவிட்டே பார்க்கிறார்கள் என்பதால் எழுத்து தவறாக இருந்தால் துண்டே போயிற்று. ஒரு நிமிடப் பேச்சைத் தட்ட அதிக நேரம் ஆகாது. இரண்டு தளங்களும் இப்போது மூன்று நிமிடம் வரை அனுமதிக்கின்றன, ஆனாலும் ஒரு நிமிடத்தைத் தாண்டாதீர்கள். அதே துண்டைத்தான் ஸ்டேட்டஸிலும் வைக்கப் போகிறீர்கள்.

ரீல்ஸில் வரும் பார்வைகளைவிட நான் அதிகம் நம்புவது வேறொன்றை. கடை போனில் வாட்ஸ்அப் பிசினஸ் இருந்தால் அதில் Quick replies என்று ஒரு வசதி உண்டு. ஒவ்வொரு துண்டின் வீடியோவையும் அதில் ஒரு சுருக்கப் பெயரோடு சேர்த்துவிடுங்கள். “/motor” என்று தட்டினால் அந்த வீடியோ வரும்படி வைக்கலாம். “ஏனுங்க எரியுது” என்று கேட்டு மெசேஜ் வந்ததும் கடைப் பையன் அதை அனுப்பிவிட்டு, “கேட்டுட்டுக் கூப்பிடுங்க” என்று எழுதினால் போதும். அடுத்து அவர் போன் செய்யும்போது பாதி விஷயம் தெரிந்தவராகப் பேசுவார். பிராட்காஸ்ட் லிஸ்டில் அனுப்புவதாக இருந்தால், உங்கள் எண்ணைத் தம் போனில் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே அது போகும். ஒரு லிஸ்டில் 256 பேர்தான். ஆகவே பில் போடும்போதே “நம்ம நம்பரை சேவ் பண்ணிக்கோங்க” என்று சொல்லும் பழக்கத்தை இப்போதே தொடங்கலாம்.

செயலிகளில் ஏற்றுவது சுலபமான பகுதி. ஸ்பாட்டிஃபை ஃபார் கிரியேட்டர்ஸ் இலவசம். அங்கே ஏற்றினால், மற்ற செயலிகள் உங்கள் தொடரை எடுத்துக்கொள்வதற்கான இணைய முகவரி ஒன்று கிடைக்கும், ஆர்எஸ்எஸ் முகவரி என்பார்கள். அதை ஆப்பிளுக்கும் யூடியூபுக்கும் கொடுக்கலாம். அட்டைப்படம் சதுரமாக, 3000க்கு 3000 பிக்சல். போனில் அது கட்டைவிரல் நகம் அளவே தெரியும் என்பதால் நான்கு சொல்லுக்கு மேல் எழுதாதீர்கள். ஆர்எஸ்எஸ்ஸில் சேர்க்கும் மின்னஞ்சல் வெளியே தெரியக்கூடும், சொந்த மின்னஞ்சலுக்குப் பதில் கடையின் மின்னஞ்சலைக் கொடுங்கள்.

பலன் பற்றி உறுதியானதையும் உறுதியில்லாததையும் பிரித்துச் சொல்லிவிடுகிறேன். டவுன்லோட் எண்ணிக்கை, கேட்டவர் எண்ணிக்கை அல்ல. ஒரு நிமிட அளவுக்கு ஆடியோ இறங்கினாலே பொதுவான கணக்கு முறையில் அது ஒரு டவுன்லோட். எங்கே நிறுத்திவிட்டுப் போகிறார்கள் என்பதை யூடியூப், ஸ்பாட்டிஃபை இரண்டின் வரைகோடும் காட்டும், அதை நம்பலாம். முதல் அரை நிமிடத்திலேயே கோடு செங்குத்தாக விழுந்தால் உங்கள் தொடக்கம் நீளம். நடுவில் ஓர் இடத்தில் விழுந்தால் அந்த இடத்தைத் திரும்பக் கேளுங்கள். பெரும்பாலும் விருந்தினர் விஷயத்தை விட்டு விலகியிருப்பார், அல்லது நீங்கள் கடையைப் பற்றிப் பேசியிருப்பீர்கள். ஆனால் இதனால் எத்தனை மோட்டார் கூடுதலாக விற்றது என்று எந்த வரைகோடும் சொல்லாது. வாட்ஸ்அப்பில் கைமாறியது எந்தக் கணக்கிலும் வராது. கல்லா நோட்டில் ஒரு பத்தி கூடுதலாகப் போட்டு, ஆடியோ கேட்டுவிட்டு வந்ததாகச் சொல்கிறவர்களைக் குறித்து வையுங்கள். முரட்டுக் கணக்குதான், ஆனால் உங்கள் அளவு கடைக்கு அதைவிட உண்மையான கணக்கு கிடையாது. விற்பனை கூடும் என்று நான் உறுதி சொல்ல மாட்டேன். ஒரே பதிலைப் போனில் திரும்பத் திரும்பச் சொல்லும் நேரம் குறையும் என்பதை உறுதியாகச் சொல்வேன்.

தொடங்கும் வரிசை இது. நோட்டில் இரண்டு வாரக் கேள்விகள் சேர்ந்ததும், உங்களோடு நன்றாகப் பழகிய விருந்தினரை முதலில் பதிவு செய்யுங்கள், ஆனால் அதை மூன்றாவதாக வெளியிடுங்கள். மைக்குக்குப் பழகாத குரல் முதல் எபிசோடாகப் போக வேண்டாம். நான்கு எபிசோட் வெட்டி முடித்து, அவற்றின் துண்டுகளும் தயாரான பிறகே முதலாவதை ஏற்றுங்கள். மீதி நான்கையும் மழை பிடித்துக் கடையில் கூட்டம் குறைந்த நாட்களில் எடுத்துவிடலாம்.